குளோசபின் மாத்திரையும் வாராவார இரத்தப் பரிசோதனையும்

"தம்பிக்குக் குளோசபின் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையில் வெள்ளை அணுக்கள் குறையலாம் என்று இருப்பதைப் படித்துவிட்டு அம்மா மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?"

நீங்களாக நிறுத்தாதீர்கள். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மனநலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மலையாளத் துண்டறிக்கையை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அந்த ஒரு வரி மட்டும் மனத்தில் நின்றுவிடும்.

மனச்சிதைவு நோய்க்குக் குறைந்தது இரண்டு மருந்துகள் பலன் தராதபோதுதான் பெரும்பாலும் குளோசபினைத் தருவார்கள். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் அணுக்கள் அபாயமான அளவுக்குக் குறைவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. அதுவும் பெரும்பாலும் முதல் 18 வாரங்களில். அதனால்தான் அதுவரை வாராவாரம் இரத்தம் எடுக்கிறோம். அறிகுறி தெரியும் முன்பே சரிவைப் பிடிப்பதுதான் நோக்கம்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கிப் பாருங்கள். எங்களிடம் வரும் ஒரு இளைஞருக்கு ஐந்தாம் வாரம் 5200-இல் 58 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3000. ஏழாம் வாரம் 3400-இல் 52 சதவீதம், அதாவது 1768. அவருடைய அம்மா நோட்டில் தேதி போட்டு எழுதிவந்ததால் சரிவு அவருக்கே தெரிந்தது. நாங்கள் பின்பற்றும் அளவின்படி மொத்தம் 3000-க்கோ நியூட்ரோஃபில் 1500-க்கோ கீழே போனால்தான் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். ஆகவே மருத்துவர் மாத்திரையைத் தொடரச் சொல்லி, வாரம் இரண்டு முறை இரத்தம் எடுக்கச் சொன்னார். பத்து நாளில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை 2400-க்கு ஏறியது.

இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே இரத்தம் எடுங்கள். முதல் இரண்டு மாதங்களில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், உட்கார்ந்திருக்கும்போதே படபடப்பு இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும், ஏனெனில் இதயத் தசையில் அழற்சி வரக்கூடும். இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் ஊறுவது பெரும்பாலும் தொந்தரவே தவிர ஆபத்து அல்ல. மலச்சிக்கலைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்: குடல் இயக்கம் மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டால் அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். முதல் நாள் தொடங்கியதைப் போலவே 12.5 மில்லிகிராமிலிருந்து மருத்துவர்தான் மெல்ல ஏற்றுவார். அம்மா ஏற்கெனவே நிறுத்தியிருந்தால், கடைசியாகக் கொடுத்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு இன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.