பத்தியாக இருக்கும் செய்முறையை அட்டையாக்குவது எப்படி?

கேள்வி: என் மாமியார் புளிக்காய்ச்சல் செய்முறையை ஒரே பத்தியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். “எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துக் கரைத்து, எண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய், பெருங்காயம் தாளித்து, புளியை ஊற்றி, உப்பு, மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்ததும் வறுத்துப் பொடித்த தனியா, வெந்தயம், மிளகாய் சேர்த்து இறக்கி, மீதி எண்ணெயை ஊற்றி, ஆறியதும் பாட்டிலில் எடுத்து வைக்கவும்.” வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு இதைப் பொருள் பட்டியலும் எண் போட்ட செய்முறையுமாக அட்டையாக்கித் தர வேண்டும். டி.டி.பி. கடையில் கொடுத்தால் அவர்களே பிரித்துத் தருவார்களா?

பதில்: கடையில் தட்டச்சுக்கு மட்டும் கொடுங்கள். பிரிக்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

சமையல் பக்கங்களைத் திருத்துவது என் தொழில். கடையில் அடித்து வரும் அட்டைகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: அளவு எழுதாத பொருளுக்கெல்லாம் ‘தேவையான அளவு’ என்று போட்டுவிடுகிறார்கள். சிலர் அதைவிட மோசம். இணையத்தில் வேறு யாருடைய புளிக்காய்ச்சலையோ தேடி, அந்த அளவுகளை உங்கள் மாமியாரின் பத்திக்குள் நுழைத்து, ‘சரிசெய்து தந்தோம்’ என்று தனியாகக் காசும் வாங்குகிறார்கள். உங்கள் மகள் செய்து பார்க்கும்போது அது பாட்டி கைப்பக்குவமாக இருக்காது. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. வார இதழ்களும் பதிப்பகங்களும்கூட இத்தனை ஆண்டுகளாக ‘தேவையான அளவு’ என்று அச்சடித்தே பழகிவிட்டன. சமைக்கத் தெரியாதவருக்குத்தானே செய்முறை? தேவை எவ்வளவு என்று தெரிந்தவர் ஏன் அட்டையைப் பார்க்கப் போகிறார்?

ஆகவே முதலில் அளவு. மாமியாரை ஒருமுறை வழக்கம்போலச் செய்யச் சொல்லி, சமையலறைத் தராசோடு பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையை நிறுத்தி ஸ்பூனைத் திணிக்காதீர்கள். பழக்கம் மாறினால் அளவும் மாறிவிடும். எண்ணெய்ப் பாட்டிலை ஊற்றுவதற்கு முன்பும் பின்பும் எடை போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அளவு. உப்பு ஜாடிக்கும் அப்படியே. உப்பைக் கிராமில்தான் எழுத வேண்டும். ஒரு ஸ்பூன் கல் உப்பும் ஒரு ஸ்பூன் தூள் உப்பும் ஒரே எடை இருக்காது; தூள் உப்பு நெருங்கி அடங்குவதால் அதிகம் ஏறும். எலுமிச்சை அளவு புளியை உருட்டித் தராசில் வைத்தால் பெரும்பாலும் 25 முதல் 30 கிராமுக்குள் நிற்கும். உங்கள் வீட்டு எலுமிச்சை எவ்வளவு என்பதைப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது வரிசை. ‘கரைத்து’, ‘தாளித்து’ என்று எச்சங்களாலேயே நடக்கும் பத்தியில் சில வேலைகள் ஒளிந்துகொள்ளும். ‘வறுத்துப் பொடித்த தனியா’ என்பது படிக்கும்போது ஒரு பொருள்போலத் தெரிகிறது. உண்மையில் அதற்குள் வறுப்பது, ஆறவைப்பது, பொடிப்பது என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. பத்தியில் அது கடைசிப் பகுதியில் வருகிறது. அதே வரிசையில் எண் போட்டுவிட்டால், புளி கொதித்துக் கெட்டியாகிக்கொண்டிருக்கும்போது உங்கள் மகள் இன்னொரு அடுப்பில் தனியா வறுத்துக்கொண்டிருப்பார். புளி அடிபிடித்துவிடும். எனவே ‘வறுத்த’, ‘ஊறவைத்த’, ‘பொடித்த’ போன்ற சொற்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். பிறகு பாத்திரம் மாறும் இடம், தீயைக் கூட்டும் அல்லது அணைக்கும் இடம், காத்திருக்கும் இடம் ஆகிய மூன்றிலும் வெட்டினால் எண்கள் தாமாகவே கிடைக்கும்.

பட்டியலில் பொருள்கள் பயன்படும் வரிசையில் வர வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு வரி.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். உங்கள் செய்முறையில் மிளகாய் இரண்டு இடத்தில் வருகிறது: பொடிக்கு ஒரு பங்கு, தாளிக்க ஒரு பங்கு. எண்ணெயும் அப்படித்தான். பட்டியலில் ‘மிளகாய் 7’ என்று ஒரே வரியாகப் போட்டால், படிப்பவர் ஏழையும் முதலிலேயே வறுத்துவிடுவார். எண்ணெய் முழுவதையும் தாளிப்பில் ஊற்றிவிட்டால் கடைசியில் ஊற்ற எதுவும் மிஞ்சாது. புளிக்காய்ச்சல் ஆறியபின் அதன் மேல் நிற்கும் எண்ணெய்தான் அது கெடாமல் இருக்க உதவுகிறது. அது இல்லையென்றால் பாட்டில் சீக்கிரமே பூசணம் பிடிக்கலாம். எனவே இருமுறை வரும் பொருளுக்கு இரண்டு வரி. ‘4 + 3’ என்று எழுதுவதும் போதாது, எந்தப் பங்கு எதற்கு என்று தெரியாது. செய்முறையிலும் ‘மிளகாய் சேர்க்கவும்’ என்று விடாமல் ‘3 மிளகாய்’ என்று எண்ணோடு எழுதுங்கள்.

உங்கள் பத்தி இப்படி வரும். அளவுகள் 30 கிராம் புளிக்கு நான் போட்டவை. உங்கள் தராசு காட்டுவதை அந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

| பொருள் | அளவு | எதற்கு |
|---|---|---|
| புளி | 30 கிராம் | ஊறவைக்க |
| வெந்நீர் | 200 மி.லி. | புளிக்கு |
| தனியா | 1 டேபிள்ஸ்பூன் | பொடிக்க |
| காய்ந்த மிளகாய் | 4 | பொடிக்க |
| வெந்தயம் | ½ டீஸ்பூன் | பொடிக்க |
| நல்லெண்ணெய் | 3 டேபிள்ஸ்பூன் | தாளிக்க |
| கடுகு | ½ டீஸ்பூன் | தாளிக்க |
| கடலைப்பருப்பு | 1 டேபிள்ஸ்பூன் | தாளிக்க |
| வேர்க்கடலை | 2 டேபிள்ஸ்பூன் | தாளிக்க |
| காய்ந்த மிளகாய் | 3 | தாளிக்க |
| பெருங்காயத்தூள் | ¼ டீஸ்பூன் | தாளிக்க |
| உப்பு | 12 கிராம் | கொதிக்கும்போது |
| மஞ்சள்தூள் | ¼ டீஸ்பூன் | கொதிக்கும்போது |
| நல்லெண்ணெய் | 2 டேபிள்ஸ்பூன் | இறக்கியபின் |

1. புளியை வெந்நீரில் 30 நிமிடம் ஊறவைக்கவும்.
2. அது ஊறும் நேரத்தில் வெறும் வாணலியில் தனியா, 4 மிளகாய், வெந்தயம் மூன்றையும் சிறு தீயில் வறுக்கவும். வெந்தயம் சிவந்ததும் தட்டில் கொட்டி, ஆறியபின் பொடிக்கவும்.
3. புளியைக் கரைத்து வடிகட்டி, சக்கையை நீக்கவும்.
4. வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயைக் காயவைத்துக் கடுகு போடவும். வெடித்ததும் கடலைப்பருப்பு, வேர்க்கடலை சேர்த்துச் சிவக்கவிடவும். பிறகு 3 மிளகாய், பெருங்காயத்தூள்.
5. புளிக்கரைசல், உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து நடுத்தரத் தீயில் கொதிக்கவிடவும். கெட்டியாகி ஓரத்தில் எண்ணெய் பிரியும்வரை இடையிடையே கிளறவும்.
6. பொடியைக் கலந்து, அடுப்பை அணைத்து இறக்கி, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயை ஊற்றவும்.
7. நன்றாக ஆறியபின் ஈரமில்லாத பாட்டிலில் எடுத்து வைக்கவும்.

ஐந்தாவதில் நிமிடம் போடவில்லை. வாணலியின் அகலத்தையும் தீயையும் பொறுத்து நேரம் மாறும்; ‘எண்ணெய் பிரிந்ததும்’ என்று மாமியார் எழுதிய அடையாளம்தான் நம்பகமானது. தட்டச்சு செய்பவர் அதை எடுத்துவிட்டு ‘10 நிமிடம்’ என்று போட விடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது யூனிகோடில்தான் அடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பல கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். ஓர் எழுத்தைத் திருத்தக்கூட மறுபடியும் அதே கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டும். அடித்த வரிகளில் ஒன்றை உங்கள் கைப்பேசிக்குச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக இல்லாமல் எழுத்தாகவே வந்து, தமிழாகத் தெரிந்தால் அது யூனிகோடு.

லேமினேட் செய்வதற்கு முன் சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து மகளிடம் கொடுங்கள். அவர் அதைப் பார்த்து மட்டுமே செய்யட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ‘எந்த எண்ணெய்?’, ‘எவ்வளவு கெட்டி?’ என்று அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே பதிலை எழுதி, அந்தத் தாளைக் கடைக்குக் கொண்டுபோங்கள்.