மருத்துவமனையின் உண்மையான உரிமையாளர் யார்?

"பல கிளைகள் உள்ள மருத்துவமனை ஒரு கார்ப்பரேட் குழுமத்துடையதா, டிரஸ்டுடையதா, டாக்டர்களே நடத்துவதா? எப்படிக் கண்டுபிடிப்பது?"

பெயர்ப்பலகையை விடுங்கள், பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் சட்டப்பூர்வப் பெயரைப் பாருங்கள். 'லிமிடெட்' என்றால் கம்பெனி, 'டிரஸ்ட்', 'ஃபவுண்டேஷன்' என்றால் பெரும்பாலும் அறக்கட்டளை. ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது.

கம்பெனி என்றால், அரசின் கம்பெனிப் பதிவாளரிடம் உள்ள ஆவணத்தில் இயக்குநர் பட்டியலைவிட பங்குதாரர் பட்டியல்தான் முக்கியம். நிறுவிய டாக்டர் தலைவராகவே இருப்பார், படமும் வரவேற்பறையில் தொங்கும், ஆனால் பங்கில் பெரும்பகுதியை எப்போதோ ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றிருப்பார். பங்குதாரரும் இன்னொரு கம்பெனி என்றால் அதன் பட்டியலை எடுங்கள், ஆட்களோ அரசோ வரும்வரை மேலே ஏறுங்கள்.

ஃபோர்டிஸ் மருத்துவமனைக் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். அது பங்குச்சந்தையில் உள்ள இந்தியக் கம்பெனி. 2018-இல் சுமார் 31 சதவீதப் பங்கை வாங்கி அதன் கட்டுப்பாட்டைப் பெற்றது மலேசியாவின் ஐஎச்எச் என்ற மருத்துவமனைக் குழுமம். அதற்கும் மேலே போனால் ஜப்பானிய வணிக நிறுவனமான மிட்சுயியும் மலேசிய அரசு நிதியமான கசானாவும் வரும். அதே ஃபோர்டிஸின் மருத்துவமனைக் கட்டடங்கள் பல 2019 வரை ஆர்எச்டி ஹெல்த் டிரஸ்ட் வசம் இருந்தன. பெயரில் டிரஸ்ட், ஆனால் தர்மம் எதுவும் இல்லை, சிங்கப்பூர் சந்தையில் பங்கு விற்ற வணிக அமைப்பு அது!

அப்புறம், நிஜ அறக்கட்டளையிலும் ஒரு சிக்கல் உண்டு. இடமும் உரிமமும் டிரஸ்ட் பெயரில் இருக்கும், நடத்துவது ஒப்பந்தம் போட்ட கம்பெனியாக இருக்கும். டிரஸ்டின் தணிக்கை அறிக்கையில் 'நிர்வாகக் கட்டணம்' யாருக்குப் போகிறது என்று பாருங்கள், உண்மையில் நடத்துவது யார் என்று தெரிந்துவிடும்.