35 ரூபாய் வித்தியாசமும் நான்கு குறிப்பேட்டுப் பதிவுகளும்

கேள்வி: பெங்களூரு தொழிற்சாலை ஒன்றின் ஊழியருக்கு 2025 ஜூலை மாதச் சம்பளம்: அடிப்படைச் சம்பளம் 10,000, அகவிலைப்படி 4,000, வீட்டு வாடகைப்படி 6,000, ஓவர்டைம் 2,000. பண்டிகை முன்பணத்தில் 1,000 பிடிக்க வேண்டும். மொத்தம் 21,000-ஐத் தாண்டுவதால் இ.எஸ்.ஐ. பிடிக்கவில்லை. வருங்கால வைப்பு நிதி 1,680, தொழில் வரி 200, முன்பணம் 1,000 போக எனக்கு 19,120 வருகிறது. விடைத்தாளில் 19,155 என்று இருக்கிறது. 35 ரூபாய் எங்கே போயிற்று? நிறுவனத்தின் பங்கையும் பதிந்தால் ஒரே செலவு இரண்டு முறை வருவதுபோல் தோன்றுகிறதே, அது சரியா?

பதில்:

35 ரூபாய் எங்கும் போகவில்லை. நீங்கள் பிடிக்கக் கூடாத 200 ரூபாயைப் பிடித்திருக்கிறீர்கள். பிடிக்க வேண்டிய 165 ரூபாயை விட்டிருக்கிறீர்கள். இரண்டு பிழைகளும் எதிரெதிர்த் திசையில் சென்றதால் மிச்சம் 35 ஆக நிற்கிறது. சம்பளக் கணக்கில் சிறிய வித்தியாசத்தை நான் ஒருபோதும் சிறிய பிழை என்று எடுத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பிழைகளாகவே இருக்கும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இது 2025 ஜூலைக்கான கணக்கு என்பதால் அந்த மாதத்தில் நடைமுறையில் இருந்த விதிகளையே எடுத்துக்கொள்கிறேன். அவ்வாண்டு நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, ஊதியம் என்ற சொல்லின் வரையறையே மாறியிருக்கிறது. ஆகவே அதற்குப் பிந்தைய மாதத்தின் கணக்கில் கீழே உள்ள எண்களை அப்படியே எடுத்துப் போட வேண்டாம்.

இ.எஸ்.ஐ.யில் ஓவர்டைம் தொகை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடத்தப்படுகிறது. ஊழியர் திட்டத்துக்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. 10,000, 4,000, 6,000 மூன்றையும் கூட்டினால் 20,000, உச்சவரம்பு 21,000, எனவே அவர் திட்டத்துக்குள் இருக்கிறார். உள்ளே வந்துவிட்ட பிறகு சந்தாவைக் கணக்கிடும்போது ஓவர்டைமையும் சேர்த்த முழுத் தொகையான 22,000-ஐ எடுக்க வேண்டும். ஊழியர் பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 165 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 715 ரூபாய். கேள்வியைத் தயாரித்தவர் ஓவர்டைமை 2,000 என்று வைத்து மொத்தத்தை 21,000-க்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்தியிருப்பதே நீங்கள் விழுந்த இந்தக் குழிக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதமே அவருக்குச் சம்பள உயர்வு கிடைத்து, ஓவர்டைம் இல்லாமலே 21,500 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உடனே பிடித்தத்தை நிறுத்த முடியாது. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், அக்டோபர் முதல் மார்ச் வரையிலும் என இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினாலும், அந்தக் காலம் முடியும் செப்டம்பர் வரை முழுச் சம்பளத்தின் மீதும் பிடித்தம் தொடரும். இ.எஸ்.ஐ.யில் பைசா வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றிவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஓவர்டைம் 2,010 ஆக இருந்திருந்தால் ஊழியர் பங்கு 165.075, பிடிக்க வேண்டியது 166.

தொழில் வரி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல் மாதச் சம்பளம் 25,000 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களிடம் மட்டுமே பிடிக்க வேண்டும். முன்பு அந்த வரம்பு 15,000 ஆக இருந்தது. உங்கள் கையில் இருப்பது பழைய பாடநூல் என்று தோன்றுகிறது. இதே ஊழியர் மும்பையில் வேலை செய்யும் ஆணாக இருந்தால் 200 ரூபாய் பிடித்தது சரியாகியிருக்கும். பெண்ணாக இருந்தால் அங்கும் 25,000 வரை விலக்கு உண்டு. டெல்லியில் இந்த வரியே கிடையாது. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டிப் பழகியவர்கள் பெங்களூருக்கு வந்ததும் முதலில் தடுமாறும் இடம் இதுதான்; நானும் தடுமாறியிருக்கிறேன்.

வருங்கால வைப்பு நிதியை நீங்கள் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் அதற்கான ஊதியத்தில் சேராது. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 14,000-இல் 12 விழுக்காடு 1,680. நிறுவனமும் அதே 1,680-ஐத் தர வேண்டும். ஆனால் அந்தப் பங்கு முழுவதும் ஊழியரின் வைப்பு நிதிக் கணக்குக்குப் போவதில்லை. 8.33 விழுக்காடான 1,166 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும்; மீதமுள்ள 514 மட்டுமே வைப்பு நிதிக்குப் போகும். ஓய்வூதியப் பங்குக்கு 15,000 என்ற ஊதிய வரம்பு உண்டு. நம் ஊழியர் அதற்குக் கீழே இருப்பதால் இங்கே அது குறுக்கிடவில்லை. இவற்றுக்கு மேல் காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு என இரண்டு 70 ரூபாய்களை நிறுவனம் தன் கையிலிருந்து தர வேண்டும். நிர்வாகக் கட்டணத்துக்கு மாதம் 500 என்ற குறைந்தபட்சம் உண்டு என்றாலும், அது நிறுவனம் முழுமைக்கும் சேர்த்துத்தான். ஓர் ஊழியருக்கான கணக்கில் அதைக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஆக, 22,000-இலிருந்து 1,680, 165, 1,000 ஆகியவற்றைக் கழித்தால் நிகரச் சம்பளம் 19,155. ஆண்டு வருமானம் வரி வரம்புக்கு மிகவும் கீழே இருப்பதால் வருமான வரிப் பிடித்தம் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். ஊழியரின் 1,680 ரூபாய் நிறுவனத்தின் தனிச் செலவு அல்ல. அது 22,000 என்ற சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது, அவர் கையில் தராமல் அவர் பெயரில் கட்டுவதற்காக நிறுத்திவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். நிறுவனத்தின் பங்கோ 22,000-க்கு வெளியே இருப்பது. எனவே எந்தத் தொகையும் இருமுறை வரவில்லை. பதிவுகளைப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஜூலை 31, சம்பளம்:
சம்பளம் க/கு பற்று 22,000
வைப்பு நிதி செலுத்த வேண்டியது – ஊழியர் பங்கு க/கு வரவு 1,680
இ.எஸ்.ஐ. செலுத்த வேண்டியது – ஊழியர் பங்கு க/கு வரவு 165
பண்டிகை முன்பணம் க/கு வரவு 1,000
சம்பளம் கொடுபட வேண்டியது க/கு வரவு 19,155

முன்பணத்தைப் பலர் வைப்பு நிதியைப் போலவே ஒரு கடன்பொறுப்பாக எழுதிவிடுகிறார்கள். அது யாருக்கும் கட்ட வேண்டிய பணம் அல்ல. ஊழியர் நமக்குத் தர வேண்டியிருந்த சொத்து குறைகிறது.

ஜூலை 31, நிறுவனத்தின் பங்கு:
வைப்பு நிதிப் பங்களிப்பு க/கு பற்று 1,680
காப்பீட்டுத் திட்டப் பங்களிப்பு க/கு பற்று 70
வைப்பு நிதி நிர்வாகக் கட்டணம் க/கு பற்று 70
இ.எஸ்.ஐ. பங்களிப்பு க/கு பற்று 715
வைப்பு நிதி செலுத்த வேண்டியது – நிறுவனப் பங்கு க/கு வரவு 1,820
இ.எஸ்.ஐ. செலுத்த வேண்டியது – நிறுவனப் பங்கு க/கு வரவு 715

சம்பளம் வழங்கும் நாளில்:
சம்பளம் கொடுபட வேண்டியது க/கு பற்று 19,155
வங்கி க/கு வரவு 19,155

நான்காவது, ஆகஸ்ட் 15-க்குள் கட்டும்போது எழுத வேண்டியது. வைப்பு நிதிக்கு 1,680-உம் 1,820-உம் சேர்ந்து 3,500, இ.எஸ்.ஐ.க்கு 165-உம் 715-உம் சேர்ந்து 880. செலுத்த வேண்டியவை என்ற நான்கு கணக்குகளையும் பற்று வைத்து, வங்கியை 4,380-க்கு வரவு வைக்க வேண்டும்.

ஊழியர் பங்குக்கும் நிறுவனப் பங்குக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தேர்வில் இரண்டையும் ஒன்றாக்கினால் மதிப்பெண் குறையாமல் போகலாம். தொழிலில் அப்படிச் செய்ய மாட்டேன். இந்தக் கணக்குக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, ஊழியரிடம் பிடித்த பங்கை வைப்பு நிதிச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தத் தொகைக்குக் கழிவு கிடையாது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. நிறுவனத்தின் பங்கையோ வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் வரை கட்டலாம். ஒரே தாமதம் இரு தொகைகளுக்கு இரு வேறு விளைவுகளைத் தருவதால், தாமதமான தொகையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பேரேடே சொல்ல வேண்டும்.

பீன்யாவில் ஒரு சிறு தொழிற்சாலையின் கணக்குகளை நான் ஏற்றுக்கொண்டபோது, முன்னிருந்தவர் மாதக் கடைசிப் பதிவுகளை எழுதும் வழக்கமே இல்லாதவர். வங்கியிலிருந்து போன நிகரச் சம்பளத்தைச் சம்பளச் செலவாகவும், அடுத்த மாதம் கட்டிய வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. முழுவதையும் பங்களிப்புச் செலவாகவும் எழுதி வந்திருந்தார். உங்கள் எண்களில் அப்படிச் செய்து பாருங்கள்: 19,155, 3,500, 880 சேர்ந்து 23,535. உண்மையான செலவு 22,000-உம் 2,535-உம் சேர்ந்து 24,535. வித்தியாசம் முன்பணமான 1,000 மட்டுமே. முன்பணம் இல்லாத மாதத்தில் அந்த வித்தியாசமும் இருக்காது. அதனால்தான் ஆண்டுக் கணக்கில் யாருக்கும் ஐயம் எழவில்லை. முன்பணக் கணக்கில் எப்போதோ பிடித்து முடித்த தொகைகள் இன்னும் வர வேண்டியவையாக நின்றதும், மார்ச் மாதச் சம்பளத்துக்கான வைப்பு நிதி ஏப்ரலில் கட்டப்பட்டு அடுத்த ஆண்டின் செலவாகிவிட்டதும்தான் பிழையைக் காட்டிக்கொடுத்தன. மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பில் வைப்பு நிதிக்கான கடன்பொறுப்பு பூச்சியமாக இருக்கும் ஒரு தொழிற்சாலையை இப்போது பார்த்தால், நான் முதலில் இதைத்தான் தேடுவேன்.

உங்கள் விடையைச் சரிபார்க்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. வங்கியிலிருந்து போனது 23,535. முன்பணத்தில் ஈடுகட்டியது 1,000. இரண்டும் சேர்ந்து 24,535. இது முதலிரண்டு பதிவுகளில் உள்ள செலவுப் பற்றுகளின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஜூலைக்கான செலுத்த வேண்டிய கணக்குகளில் ஒரு ரூபாய்கூட நிற்கக் கூடாது. உங்கள் முதல் விடையை இந்த வழியில் சோதித்திருந்தால், தொழில் வரி என்ற பெயரில் பிடித்த 200 ரூபாய் கட்ட வேண்டிய இடமில்லாமல் பேரேட்டிலேயே நின்றிருக்கும்.