விழுந்த பின் முழங்கால் வீக்கம்

"ஹீமோஃபீலியா ஏ உள்ள 4 வயது மகன் விழுந்தான். காயமில்லை, முழங்கால் வீங்குகிறது. காலையில் கடலூரில் காட்டலாமா?"

காலை வரை வேண்டாம், இப்போதே ரத்தம் உறைய அவனுக்குக் குறைவாக உள்ள ஃபாக்டர் 8 ஏற்ற வேண்டும். தோல் கிழியாமலே மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். தாமதித்தால் அது குருத்தெலும்பை அரிக்கும்.

இரண்டு முழங்காலிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். வீங்கியது சூடாக இருந்தால், மடக்க மறுத்தால் அநேகமாக மூட்டுக் கசிவுதான். என் பையன் வீக்கத்துக்கு முன்பே "உள்ளே கூசுது" என்பான்.

கிளம்பும் வரை காலை அசைக்காமல், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். பாட்டி எண்ணெய் போட்டு உருவ வந்தால் தயவுசெய்து தடுங்கள், கசிவு கூடும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். புரூஃபென், ஆஸ்பிரின், இடுப்பில் ஊசி கூடாது.

அப்புறம், தலையிலும் அடிபட்டிருந்தால் வீக்கமே இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.