சாப்பாட்டு மேசைக்கு மேல் மணியும் மாவிலையும்

"நாலறை வீவக வீடு. சாப்பாட்டு மேசைக்கு மேல் பித்தளை மணி, மாவிலைத் தோரணம் தொங்கவிட ஆசை. கூரை அடைசலாகத் தெரியாமல் எப்படிச் செய்வது?"

வணக்கம். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டாதீர்கள். மாவிலைச் சரத்தைக் கூரைக்குக் குறுக்கே இழுக்காமல், சுவரும் கூரையும் சேரும் ஓரத்தில், ஒரே ஒரு சுவரில் மட்டும் ஓடவிடுங்கள். இலைக்கு இலை நாலு விரல் இடைவெளி போதும்.

மணிகள் மேசையின் நடுவுக்கு நேர்மேலே, ஒரே கொத்தாக மூன்று. கூரை 260 செ.மீ., மேசை 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ் மணிக்கும் மேசைக்கும் இடையே 75 செ.மீ. விட்டால் எதிரே இருப்பவர் முகம் மறையாது. ஆக, நீளமான கயிறு மணியோடு சேர்த்து 110 செ.மீ., மற்றவை 85, 60. பக்கத்தில் மின்விசிறி இருந்தால் இறக்கைக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிடுங்கள்.

ஒட்டுக் கொக்கி மட்டும் வேண்டாம். பித்தளை கனம்; நம் ஊர் ஈரத்தில் அது சாயத்தோடு பிய்ந்து தட்டில் விழும். திருகாணிக் கொக்கிதான் சரி.

அப்புறம், ஏர்கான் காற்றில் மாவிலை சீக்கிரம் சுருண்டுவிடும். பண்டிகைக்கு முதல்நாள் மாலை தேக்காவில் வாங்கிக் கட்டுங்கள்.