அறிமுகத்தில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பக்கம் இருக்கட்டும்

கேள்வி: சொந்தமாக ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறேன். வேலை ஐ.டி.யில். அதற்கு வெளியே சில ப்ராஜெக்ட், கொஞ்சம் கட்டுரைகள், சில இடங்களில் பேசியும் இருக்கிறேன். அறிமுகப் பக்கத்தில் எதை எழுதுவது, எதை விடுவது?

பேசக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் இந்தப் பக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நம் அறிமுகத்தை நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருந்தேன். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அம்மா" என்பது `mk;kh` என்று தெரியும். ஊரில் பல அச்சகங்களின் பழைய கணினிகளில் மலர்களும் நூல்களும் இப்படித்தான் கிடக்கின்றன. அதைப் பற்றிப் பேச ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள்.

போனால் வாசலில் ஃப்ளெக்ஸ். நான் விட்டுவந்து வருடங்களான நிறுவனத்தின் பெயர் என் பெயருக்குக் கீழே. பக்கத்தில் "நிறுவனர்" என்று ஒரு பட்டம். வேறொரு நிகழ்ச்சிக்காக யாரோ எழுதிய பழைய குறிப்பில் "இந்தத் திட்டத்தைத் தொடங்கியவர்" என்று இருந்திருக்கிறது. அது கைமாறிக் கைமாறி நிறுவனர் ஆகிவிட்டது. மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேடினார்கள், கிடைத்ததைப் போட்டார்கள். ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் படம் சமூக வலைத்தளத்தில் சுற்றி, அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் எச்.ஆர். கண்ணில் பட்டது. "வெளியே கம்பெனி நடத்துகிறீர்களா?" என்று மெயில். நம் ஊர் ஆஃபர் லெட்டர்களில், வேலையில் இருக்கும்போது வெளித்தொழில் கூடாது என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும். அந்த நிரலில் ஒரு பைசா வருமானம் இல்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில்தான் இருக்கிறது என்பதையெல்லாம் தேதியோடு எடுத்துக்கொடுத்து அவர்களை நம்பவைக்கச் சில வாரங்கள் ஆயின். அந்த வாரங்களில் நான் பட்ட அவமானம் இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் என் தளத்தில் அறிமுகப் பக்கத்தை உட்கார்ந்து எழுதினேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்:

"கோயம்புத்தூரில் மென்பொருள் எழுதுகிறேன். வேலை நேரத்துக்கு வெளியே, பாமினி, திஸ்கி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் கட்டற்ற நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். எழுத்துரு மாற்றத்தில் வரும் சிக்கல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். கல்லூரிகளிலும் பயனர் கூட்டங்களிலும் பேசுகிறேன்."

"ஆர்வம் மிக்க", "பன்முகத் திறமையாளர்" எதுவும் இல்லை. "கட்டற்ற நிரல்", "எழுதுகிறேன்", "பேசுகிறேன்" என்ற மூன்று இடங்களில் சுட்டி இருக்கிறது. மூன்றும் என் தளத்துக்குள்ளேயே உள்ள பக்கங்களுக்குப் போகின்றன. அங்கிருந்துதான் கிட்ஹப்புக்கோ யூடியூபுக்கோ வெளியே போகும். நேராக வெளியே அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது, கூகுள் ப்ளஸ் 2019-இல் மூடப்பட்டது. அந்த முகவரிகளைக் கொடுத்து வைத்திருந்தவர்களின் சுட்டிகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. சொந்த டொமைனில் ஒரு பக்கம் இருந்தால், நிரலை வேறு இடத்துக்கு மாற்றினாலும் அந்த ஒரு பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஏற்கெனவே அச்சில் போன முகவரியும், பிறர் கட்டுரையில் கொடுத்த முகவரியும் அப்படியே வேலை செய்யும். அதனால் முகவரியையும் யோசித்து வையுங்கள். `/talks/2019/bamini` போல இருந்தால் நாளைக்கு வேர்ட்பிரஸ்ஸிலிருந்து வேறொன்றுக்கு மாறினாலும் காப்பாற்றலாம். `/index.php?p=143` என்று இருந்தால் மாறும்போது ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பிவிடல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ப்ராஜெக்ட் பக்கத்தில் பலரும் எழுதாமல் விடுவது அதன் நிலைமை. இப்போதும் பராமரிக்கிறீர்களா, நிறுத்திவிட்டீர்களா, கடைசியாக எப்போது கைவைத்தீர்கள், என்ன உரிமம், வேறு யார் பங்களித்தார்கள், இதெல்லாம் வேண்டும். என்னால் முடியாததையும் அங்கே எழுதியிருக்கிறேன். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் எழுத்துரு. ஆகவே வெறும் உரையாகக் கொடுத்தால், நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் என்று நினைத்து நிரல் மாற்றித் தள்ளிவிடும். எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற விவரம் வேர்டு கோப்பில் இருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். இதை எழுதி வைத்த பிறகு "உங்கள் நிரல் வேலை செய்யவில்லை" என்று வரும் மெயில்கள் குறைந்தன. வருபவர்களும் விவரத்தோடு வருகிறார்கள். "வேலை நேரத்துக்கு வெளியே", "வருமானம் இல்லை" என்ற இரண்டையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன், காரணம் உங்களுக்கே தெரியும். வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் வேலை மாறும் அன்றைக்கே திருத்துங்கள். அது முடியாது என்றால் போடாமல் இருப்பது நல்லது.

பேச்சுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வையுங்கள். தலைப்பு, தேதி, ஊர், எந்த மொழியில் பேசினீர்கள், நாலு வரியில் சாரம், ஸ்லைடு, வீடியோ. ஸ்லைடை பவர்பாயிண்ட் கோப்பாக வைக்காதீர்கள். உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துரு அடுத்தவரிடம் இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகள் மடங்கி, படத்தின் மேல் ஏறிவிடும். பி.டி.எஃப். ஆக்கினால் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும். ஆக்கிய பிறகு பி.டி.எஃப். ரீடரில் கோப்பின் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பாருங்கள், பெயருக்குப் பக்கத்தில் எம்பெட் ஆகியிருப்பதாகக் காட்ட வேண்டும்.

வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். நான் பேசியதில் சில, கல்லூரிச் சேனலை யாரோ புதிதாகப் பொறுப்பேற்று பழையதை அழித்ததில் போய்விட்டன. கேட்டால் பதில்கூட இல்லை. அதனால் பேசி முடித்த வாரத்திலேயே, பேசியதைக் கட்டுரை மாதிரி எழுதி அந்தப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். வீடியோ போனாலும் விஷயம் இருக்கும், தேடுபொறியிலும் அகப்படும். பக்கம் வெளிவந்ததும் `web.archive.org/save` போய் ஒரு பிரதி எடுத்துவைப்பதும் பழக்கம்.

இனி நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு. பக்கத்தின் அடியில் "நிகழ்ச்சி நடத்துவோர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்" என்று தலைப்பிட்டு, படர்க்கையில் ஒரு பத்தி வையுங்கள். மேடையில் வாசிக்க ஐம்பது சொல்லுக்குள் ஒன்று, மலரில் அச்சிட அதைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்று. நம்மைப் பற்றி நாமே "பராமரித்து வருகிறார்" என்று எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கும். எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள், அப்போது நிறுவனர் ஆகிவிடுவீர்கள். பத்திக்கு மேலே "கடைசியாகத் திருத்தியது" என்று தேதி கட்டாயம் போடுங்கள். தேதி இருந்தால் எடுப்பவரே பழசு என்று பார்த்து ஒரு வார்த்தை கேட்பார்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆன்லைன் படிவங்கள் "லாஸ்ட் நேம்" இல்லாமல் நகரவிடாது. அப்பா பெயரைப் போட்டால் அடுத்த நாள் மேடையில் "மிஸ்டர் கந்தசாமி" என்று கூப்பிடுகிறார்கள். அது என் அப்பா பெயர், அவர் இறந்துவிட்டார். அரங்கு நிறைய ஆட்கள் இருக்கும்போது அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டால் ஒரு கணம் நான் எழுந்திருப்பதில்லை. விமான டிக்கெட்டிலும் இதே கதை, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் ஒரு மாதிரி என்று கவுண்டரில் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. இத்தனை கோடிப் பேர் இனிஷியலோடு வாழ்கிறோம், படிவம் செய்கிறவர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

தளத்தில் இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. தமிழில் ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் இனிஷியல் முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி என்று நம் பெயர் சிதறிக் கிடக்கும். எல்லாம் ஒரே ஆள்தான் என்று தேடுபொறிக்குச் சொல்ல அறிமுகப் பக்கத்தில் இதைச் சேர்க்கலாம்:

```html
<script type="application/ld+json">
{
  "@context": "https://schema.org",
  "@type": "Person",
  "name": "க. செந்தில்",
  "alternateName": ["K. Senthil", "Senthil K"],
  "url": "https://example.com/",
  "sameAs": ["https://github.com/username"]
}
</script>
```

`givenName`, `familyName` என்ற இரண்டையும் நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவை கட்டாயம் இல்லை. இதைப் போட்டதாலேயே தேடுபொறி கேட்டே தீரும் என்று இல்லை, அது ஒரு குறிப்புத்தான். அதைவிட உறுதியானது இருபக்கச் சுட்டி: உங்கள் தளத்திலிருந்து உங்கள் கணக்குக்கு `rel="me"` போட்ட சுட்டி, அந்தக் கணக்கிலிருந்து உங்கள் தளத்துக்கு ஒரு சுட்டி. மாஸ்டடான் இதைச் சரிபார்த்து உங்கள் தள முகவரியைப் பச்சையில் காட்டும். உங்கள் பெயரில் வேறொருவர் பக்கம் தொடங்கினாலும் உங்கள் தளத்துக்குள் வந்து திரும்பச் சுட்டி போட அவரால் முடியாது.

இதெல்லாம் சுயவிளம்பரம் என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். நான் செய்யாத எதையும் அங்கே எழுதவில்லை. செய்ததற்குப் பக்கத்திலேயே அத்தாட்சி வைத்திருக்கிறேன், சந்தேகம் இருப்பவர் சொடுக்கிப் பார்க்கலாம். இன்னொருவர், பெரிய ஆட்களுக்குத்தானே இது என்பார். பெரிய ஆட்களைப் பற்றித் தப்பாகப் போட்டால் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு நாம்தான்.

விடவேண்டியவை: பிறந்த தேதி, வீட்டு முகவரி, கைப்பேசி எண். எண் போட்டால் கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான் அதிகம் கூப்பிடுவார்கள். டொமைனிலேயே ஒரு மின்னஞ்சல் வைத்து அதை மட்டும் கொடுங்கள். ஒரு புகைப்படம், அச்சுக்குத் தாங்கும் அளவில், 1500 பிக்சலுக்குக் குறையாமல் தரவிறக்கம் செய்யும்படி வையுங்கள். இல்லையென்றால் வாட்ஸ்அப் முகப்புப் படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸில் போட்டுவிடுவார்கள்.