மொமென்ட்டம் ஃபண்டின் பழைய சார்ட்டை நம்பலாமா?

கேள்வி: "பல வருடமாக சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு வருகிறேன். மொமென்ட்டம் ஃபண்ட் 15 வருடத்தில் வருடத்துக்கு 4 சதவீதம் கூடுதலாகத் தந்ததாக ஏஜென்ட் சார்ட் காட்டுகிறார். எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடலாமா?"

வேண்டாம். முதலில், அண்மையில் அதிகம் ஏறிய பங்குகளை வாங்கும் அந்த ஃபண்ட் பின்பற்றும் இண்டெக்ஸின் ஃபேக்ட்ஷீட்டை எடுத்து, அடிப்படைத் தேதியையும் அறிமுகத் தேதியையும் பாருங்கள். முன்னதில்தான் சார்ட் தொடங்கும்; இண்டெக்ஸ் உண்மையில் வெளியானது பின்னதில். இடைப்பட்ட காலத்தில் அதில் யாரும் பணம் போடவில்லை. பழைய விலைகளை வைத்துப் பின்னாளில் கணக்கிட்டு வரைந்த கோடு அது. பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளில், இப்படிக் கணக்கிட்டபோது நன்றாக வந்தவைதான் ஃபண்டாகின்றன. மற்றவை வெளியே வருவதே இல்லை. அறிமுகத் தேதியில் ஒரு கோடு கிழித்துக் காட்டச் சொல்லி ஒழுங்குமுறை அமைப்புகள் கட்டாயப்படுத்தலாம். பல சார்ட்டுகளில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை மட்டுமே இருக்கும்.

மெக்லீன், பான்டிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட 97 உத்திகளைச் சோதித்தார்கள். ஆய்விதழில் வெளியானபின் அவற்றின் லாபம் சராசரியாக 58 சதவீதம் சுருங்கியிருந்தது. உங்கள் 4 சதவீதமும் அதே அளவு சுருங்கினால் மிஞ்சுவது சுமார் 1.7. கூடுதல் ஃபண்ட் கட்டணம் 0.5, அடிக்கடி பங்குகளை மாற்றும் செலவு 0.7 என்று வைத்தால் கையில் நிற்பது அரை சதவீதம். பழைய யூனிட்டுகளை விற்பதற்கு வரி வேறு.

மொமென்ட்டம் ஒன்றும் பொய்யல்ல. கடைசி ஒரு மாதத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய 11 மாதங்களில் அதிகம் ஏறிய பங்குகளை வாங்குவது அதன் வழக்கமான விதி. சந்தை திடீரெனத் திரும்பும்போதுதான் அது மாட்டிக்கொள்ளும். 2009 மார்ச்சில் அடிபட்டுக் கிடந்த வங்கிப் பங்குகள் துள்ளி எழுந்தன. மொமென்ட்டம் கையில் இருந்தவையோ சரிவின்போது தாக்குப்பிடித்த பங்குகள். எல்லாரும் சம்பாதித்த அந்த மாதங்களில் அது பின்தங்கியது. மொமென்ட்டம் போலப் பங்குகளைத் தேர்ந்தெடுக்க உதவும் தன்மைகளை ஃபேக்டர் என்பார்கள்; மற்ற ஃபேக்டர்களுக்கும் இப்படிக் காலங்கள் உண்டு. மலிவான பங்குகளைத் தேடும் வேல்யூ, 2007க்குப் பிறகு அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு மேல் பின்தங்கிக் கிடந்தது. தரம், குறைந்த ஏற்ற இறக்கம் என்று விற்கப்படுபவையும் விதிவிலக்கல்ல.

ஒரே ஒரு நிலையில் சரி என்பேன். பழையதை விற்காமல், இனி போடும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் போடுவதாக இருந்தால் போடலாம். அதையும் மொமென்ட்டத்தில் பாதி, வேல்யூவில் பாதி என்று பிரியுங்கள். இவை இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு காலங்களில் அடிவாங்குபவை. ஐந்து வருடம் பின்தங்கினாலும் விற்காமல் இருக்க முடியும் என்றால்தான் இதுவும். நடுவில் விற்பவருக்கு மிஞ்சுவது பின்தங்கல் மட்டுமே; அடுத்த ஏற்றம் அவருக்கு வராது.

ஃபண்ட் மாறினால் தனக்கு எவ்வளவு கமிஷன் கிடைக்கும் என்று அந்த ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.